"இலங்கை நிலைமை" என்று தேடாதீர்கள்: கேஸுக்கு உதவும் கேள்வியை அமைப்பது எப்படி?



அகதிக் கோரிக்கை றிப்யூஸ் ஆனவர்கள் எங்களிடம் வரும்போது பெரும்பாலும் ஒரு ஷொப்பிங் பை நிறையக் கடதாசி கொண்டு வருவார்கள். இன்ரர்நெற்றில் எடுத்த பிரின்ற். சிலவேளை இருநூறு பக்கத்துக்கு மேல். "என்ன தேடினீங்கள்?" என்று கேட்டால், "இலங்கையில மனித உரிமை நிலைமை" என்று பதில் வரும். அது தலைப்பு, கேள்வி இல்லை. தலைப்பைத் தேடினால் பக்கம் கூடும், லோயரின் மேசையில் அது அப்படியே கிடக்கும்.

இந்த இதழில், அப்படிப்பட்ட ஒரு பெரிய தலைப்பிலிருந்து விடை காணக்கூடிய ஒரு கேள்விக்கு எப்படி இறங்கிப் போவது என்று பார்ப்போம். ஒரு கற்பனைக் கேஸை எடுத்துக்கொள்வோம். கிளிநொச்சிக்காரர், வயது நாற்பதுக்குக் கிட்ட. 2009 இல் சரணடைந்து, புனர்வாழ்வு முகாமில் ஒரு வருசம் இருந்து வெளியே வந்தவர். பிறகு லண்டன் வந்து, ஒரு தமிழ் அமைப்பின் கூட்டங்களுக்கு ஆட்களை ஒழுங்கு செய்கிறவர். ஹோம் ஒபிஸ் அவருடைய கோரிக்கையை மறுத்துவிட்டது.

தேடலைக் கூகிளில் தொடங்க வேண்டாம், மறுப்புக் கடிதத்தில் தொடங்குங்கள். அதில் நாட்டைப் பற்றிச் சொல்லும் வசனங்களுக்கு மட்டும் பென்சிலால் கோடு போடுங்கள். எங்கள் ஆளின் கடிதத்தில் இரண்டு வசனம் இருக்கிறது என்று வைப்போம். ஒன்று, "நீர் புனர்வாழ்வு முடித்தவர், ஆகவே அரசுக்கு உம்மில் இனி அக்கறை இல்லை." மற்றது, "உமது அமைப்பு தடைசெய்யப்பட்டதல்ல." தேட வேண்டியது இந்த இரண்டுக்குத்தான். அவருடைய ஊரில் காணி பிடித்திருக்கிறார்கள் என்பது உண்மையான அநியாயம், ஆனால் இந்தக் கடிதத்துக்கு அது பதில் ஆகாது.

இப்போது கேள்வியை எழுதச் சொன்னால் எங்கட ஆக்கள் மூன்று விதமாக எழுதுவினம். "அவருக்கு அகதி அந்தஸ்து கிடைக்க வேண்டுமா?" இது சட்டக் கேள்வி. நீதிபதி தீர்ப்பது, எந்த அறிக்கையிலும் விடை இருக்காது. "அவரை முகாமில அடிச்சதா?" இது அவருடைய சொந்தக் கதை. வாக்குமூலமும் மருத்துவ அறிக்கையும் சொல்ல வேண்டியது. மூன்றாவது, "புனர்வாழ்வு முடித்து வெளியே வந்தவர்களைப் பிறகும் விசாரிக்கிறார்களா?" இது நாட்டைப் பற்றியது, வேறு ஆட்கள் பார்த்து எழுதி வைத்திருக்கக் கூடியது. தேடல் இந்த மூன்றாவது வகைக்கு மட்டும்தான்.

ஆனால் அந்தக் கேள்வியும் இன்னும் அகலம். யார், எங்கே, எப்போது, யார் செய்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு இறுக்குங்கள். எங்கள் கேஸில் அது இப்படி வரும்: "2022 முதல் இன்றுவரை, வட மாகாணத்தில், புனர்வாழ்வு முடித்த முன்னாள் போராளிகளின் வீடுகளுக்குப் புலனாய்வுப் பிரிவினர் சென்று விசாரித்ததாகப் பதிவுகள் உண்டா? அப்படிப் போனபோது என்ன கேட்டார்கள்?" இதை வாசிக்கிற யாருக்கும், எந்தப் பந்தி இதற்கு விடை, எது இல்லை என்று உடனே தெரியும். கேள்வி சரியாக அமைந்ததா என்பதற்கு நான் பார்க்கிற அடையாளம் அதுதான்.

வருசம் ஏன் முக்கியம்? இங்கிலாந்தில் அகதி அப்பீலில் நீதிபதி பார்ப்பது விசாரணை நாளில் உள்ள ஆபத்தை. 2009 பற்றிய அறிக்கை அப்போது நடந்ததைச் சொல்லும், இப்போதைய ஆபத்தைச் சொல்லாது. இரண்டாவது வசனத்தைப் பாருங்கள், இது இன்னும் தெளிவாகும். இலங்கை அரசு 2014 இல் பல புலம்பெயர் அமைப்புகளைத் தடைப் பட்டியலில் போட்டது. 2015 இல் சிலவற்றை எடுத்தது. 2021 இல் திரும்பப் போட்டது. 2022 ஓகஸ்ட்டில் ஆறு அமைப்புகளை நீக்கியது. அதன் பிறகும் பட்டியல் மாறியிருக்கிறது. ஆகவே "இந்த அமைப்பு தடைசெய்யப்பட்டதா?" என்று கேட்டால் ஆளுக்கொரு விடை வரும். "இந்தத் திகதியில், இந்த அமைப்பின் பெயர் வர்த்தமானிப் பட்டியலில் இருந்ததா?" என்று கேட்டால் ஒரே விடைதான். அதற்கு வர்த்தமானிப் பிரதி ஒன்று போதும்.

அமைப்பு பட்டியலில் இல்லை என்று தெரிந்தால் மனம் தளர வேண்டாம், கேள்வியை மாற்றுங்கள். 2021 இல் மேல் தீர்ப்பாயம் தீர்த்த கேகே, ஆர்எஸ் வழிகாட்டி வழக்கில், ஒருவர் பிரிவினைக்காக முக்கிய பங்கு வகிக்கிறார் என இலங்கை அரசு கருதுமா என்பதுதான் மையம். அதற்கு அமைப்பில் பதவி வேண்டும் என்றோ, பிரபலமாக இருக்க வேண்டும் என்றோ இல்லை என்று தீர்ப்பே சொல்கிறது. அப்போது கேள்வி அமைப்பின் பெயரை விட்டு, அவர் செய்கிற வேலையை நோக்கித் திரும்பும்: கூட்டம் ஒழுங்கு செய்கிறவர்களை இலங்கை அதிகாரிகள் எப்படிப் பார்ப்பதாகப் பதிவுகள் சொல்கின்றன?

மற்றப் பக்கமாகவும் பிழைக்கலாம். "லண்டனில் கூட்டம் ஒழுங்கு செய்த, புனர்வாழ்வு பெற்ற கிளிநொச்சிக்காரர் 2024 இல் கைதானாரா?" என்று தேடினால் ஒன்றும் வராது. அப்படி வந்தால் எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தளர்த்தக் கூடாது. முதலில் இடத்தை மட்டும் அகலியுங்கள், கிளிநொச்சி வட மாகாணம் ஆகட்டும். பிறகு வருசத்தை. பிறகுதான் ஆளின் வகையை. எதைத் தளர்த்தினீர்கள் என்று எழுதி வையுங்கள், ஏனென்றால் கிடைத்த விடை இப்போது அவரைப் போன்ற ஒருவரைப் பற்றியது. பதிவு இல்லை என்பதால் நடக்கவில்லை என்றும் ஆகாது. பயந்து முறையிடாதவர்கள் அறிக்கையில் வரமாட்டார்கள்.

கேள்வியின் சாய்வையும் கவனியுங்கள். "எப்படியெல்லாம் சித்திரவதை செய்கிறார்கள்?" என்று கேட்டால் விடையை முதலே முடிவு செய்தாயிற்று. "என்ன நடக்கிறது?" என்று கேளுங்கள். எதிரான பந்தி கிடைத்தால் அதையும் லோயருக்குக் கொடுங்கள். ஹோம் ஒபிஸ் பக்கம் அதை எப்படியும் எடுத்து வைக்கும், லோயர் முதல்முறை அதை நீதிமன்றத்தில் பார்ப்பது கூடாது.

தேட இடம்: ஐநா மனித உரிமை ஆணையாளர் இலங்கை பற்றிக் கொடுக்கும் அறிக்கைகள், ஹோம் ஒபிஸின் சொந்த நாட்டுத் தகவல் குறிப்பு, பிறகு ecoi.net என்ற தளம். ஹோம் ஒபிஸின் குறிப்பைக் கட்டாயம் வாசியுங்கள், உங்களுக்குச் சாதகமான பந்திகளும் அதற்குள் கிடக்கும். மூன்று அறிக்கை ஒரே விசயத்தைச் சொன்னால் அடிக்குறிப்பைப் பாருங்கள். மூன்றும் ஒரே பத்திரிகைச் செய்தியைத்தான் சுட்டினால் அது மூன்று ஆதாரமில்லை, ஒன்று.

லோயரிடம் போகும்போது ஒரு தாள் போதும். மேலே மறுப்புக் கடிதத்தின் வசனமும் பந்தி இலக்கமும். அதன் கீழ் உங்கள் கேள்வி. அதன் கீழ் கிடைத்த இரண்டு மூன்று பந்திகள், அறிக்கையின் பெயர், திகதி, பக்க எண்ணோடு. முழு அறிக்கையையும் பின்னால் இணையுங்கள். அதைக் கேஸில் எங்கே, எப்படிப் பாவிப்பது என்பதைப் பதிவுபெற்ற ஆலோசகரோ சொலிசிட்டரோ முடிவு செய்வார். மறுப்புக் கடிதத்தின் கோடு போட்ட பிரதியுடன் எங்கள் நிலையத்துக்கு வந்தால், கேள்வியை எழுதும் வேலையை உங்களோடு இருந்து செய்யலாம். ஷொப்பிங் பையை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.