எந்தப் பயிற்சியை முதலில் செய்வது?
கால்கள் களைப்படைவதற்கு முன் செய்ய வேண்டியவை

கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது உங்களுக்குச் சிரமமாகி வருகிறதா? பேருந்தில் ஏறும்போது கைப்பிடியைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் மேலே வர முடிகிறதா? அப்படியானால், தொடையின் முன்புறத் தசைகளும் பிட்டத் தசைகளும் வலுவிழந்து வரக்கூடும். அவற்றுக்கான பயிற்சியை நீங்கள் ஏற்கெனவே செய்துவரலாம். அதைப் பயிற்சி நேரத்தின் தொடக்கத்தில் செய்கிறீர்களா, கடைசியில் செய்கிறீர்களா என்பதையும் ஒருமுறை கவனித்துப் பாருங்கள்.

தசை கடுமையாக உழைத்ததும் அதன் உடனடி ஆற்றல் குறைந்துவிடுகிறது. இரண்டு மூன்று நிமிடம் ஓய்வெடுத்தால் அதில் பெரும்பகுதி திரும்பி வரும். ஆனால், அரை மணி நேரப் பயிற்சியில் சிறிது சிறிதாகச் சேரும் களைப்பு அவ்வளவு எளிதில் நீங்காது. அதனால் கடைசியில் செய்யும் பயிற்சியை, அது எதுவாக இருந்தாலும், குறைவான தடவைகளே செய்ய முடிகிறது. பல வாரங்கள் கழித்துப் பார்த்தால், முதலில் செய்த பயிற்சியில்தான் வலிமை அதிகம் கூடியிருக்கும். தசையின் பருமனில் வரிசையால் பெரிய வேறுபாடு ஏற்படுவதில்லை. வயதான காலத்தில் நமக்கு வேண்டியது எழுந்து நிற்கும் வலிமை என்பதால், வரிசையைப் பொருட்படுத்தவே வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு

71 வயதுப் பெண்மணி ஒருவரை எடுத்துக்கொள்வோம். திங்கட்கிழமையும் வியாழக்கிழமையும் காலையில் புளோக்கின் கீழ்த்தளத்தில் பயிற்சி செய்கிறார். தாழ்வான சோபாவிலிருந்து எழுவதுதான் அவருடைய குறை. கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடிகளில் எத்தனை முறை நாற்காலியிலிருந்து முழுமையாக எழுந்து அமர முடிகிறது என்று சோதித்தபோது, 8 முறை எழுந்தார். 70 முதல் 74 வயது வரையுள்ள பெண்களுக்கு 10க்குக் குறைவாகவும், அதே வயது ஆண்களுக்கு 12க்குக் குறைவாகவும் இருந்தால், அது சராசரிக்குக் கீழே என்று கருதப்படுகிறது.

அவர் இதுவரை செய்துவந்த வரிசை இது. முதலில் பூங்கா இணைப்புப் பாதையில் 25 நிமிட வேக நடை. பிறகு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு குதிகால்களை உயர்த்துதல். அடுத்து ரப்பர் பட்டையை மார்பை நோக்கி இழுத்தல். எல்லாம் முடிந்த பிறகு, வீடு திரும்புவதற்கு முன், நாற்காலியிலிருந்து எழுந்து அமரும் பயிற்சி மூன்று சுற்றுகள். (பயிற்றுவிப்பாளர்கள் "செட்" என்று சொல்வதையே இங்கே சுற்று என்கிறோம்.) அதில் அவரால் 9, 6, 5 என மொத்தம் 20 முறை எழ முடிந்தது. கடைசிச் சுற்றில் கைகளைத் தொடையில் ஊன்றி எழுந்தார். உட்காரும்போது நாற்காலியில் "தொப்"பென்று விழுந்தார்.

குறையைத் தீர்க்கும் பயிற்சி இதுவாக இருந்தும், கால்களில் தெம்பு இல்லாத நேரத்தில்தான் அவர் அதைச் செய்து வந்திருக்கிறார். நடையும் குதிகால் பயிற்சியும் அந்தத் தெம்பை முன்கூட்டியே எடுத்துக்கொண்டன. குதிகாலை உயர்த்தும் கெண்டைக்கால் தசை சிறியதுதான். ஆனால் எழுந்து நிற்கும்போது உடலை நிலையாகத் தாங்குவதில் அதற்குப் பங்குண்டு. அது முதலில் களைத்துவிட்டால் பெரிய தொடைத் தசையும் முழுமையாக உழைக்க இயலாது; தொடை ஓய்வதற்கு முன்பே கால் தள்ளாடத் தொடங்கும். உதவியாக நிற்கும் சிறு தசைகளைப் பின்னுக்குத் தள்ள வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

வரிசையை எப்படி மாற்றினார்?

முதல் ஐந்து நிமிடம் மெதுவான நடை. பேசிக்கொண்டே நடக்கக்கூடிய வேகம் போதும். கால்களில் சற்று வெதுவெதுப்பு வர வேண்டும். களைப்பு வரக் கூடாது. பிறகு நாற்காலியிலிருந்து மூன்று நான்கு முறை மெதுவாக எழுந்து அமர்ந்தார். இவற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை.

அடுத்து மூன்று நிமிடம் சமநிலைப் பயிற்சி. சுவரையோ கனமான நாற்காலியையோ எட்டிப் பிடிக்கும் தூரத்தில் நின்றுகொண்டு, ஒரு பாதத்தின் குதிகாலை மற்றொரு பாதத்தின் விரல்களுக்கு முன்னால் வைத்து, ஒரே கோட்டில் நிற்க வேண்டும். இதனால் தசைகள் அதிகம் களைப்பதில்லை. ஆனால் களைத்த கால்களுடன் இதைச் செய்தால் விழும் ஆபத்து உண்டு. ஆகவே உங்கள் முதன்மைப் பயிற்சி எதுவாக இருந்தாலும், சமநிலைப் பயிற்சியை அதற்கு முன்பே முடித்துவிடுவது நல்லது. இந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

அதன் பிறகு உடனே நாற்காலிப் பயிற்சி. சாப்பாட்டு மேசை நாற்காலி போன்ற, சக்கரம் இல்லாத உறுதியான நாற்காலியைச் சுவரில் சாய்த்து வைத்தார். எழும்போது மூச்சை வெளியே விட்டார். அமரும்போது மனத்துக்குள் மூன்று வரை எண்ணி மெதுவாக இறங்கினார். மூச்சை அடக்கிக்கொண்டு எழுந்தால் இரத்த அழுத்தம் திடீரென்று ஏறும் என்பதை, உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் இடையே இரண்டு நிமிடம் உட்கார்ந்து ஓய்வெடுத்தார். 11, 10, 9 என்று மொத்தம் 30 முறை வந்தது. ஒரே வாரத்தில் அவருடைய கால்கள் வலுவடைந்துவிடவில்லை. ஏற்கெனவே இருந்த வலிமை களைப்பில் மறைந்திருந்தது. இப்போது அது வெளியே தெரிந்தது.

பிறகு ரப்பர் பட்டையை இழுத்தார். இது கைகளுக்கும் மேல்முதுகுக்குமான பயிற்சி என்பதால், கால்கள் ஓய்வெடுக்கும் நேரமாகவும் அமைந்தது. முன்பு 12, 12, 11 என்று இழுத்தவர் இப்போது 12, 11, 11 இழுத்தார். பெரிய வேறுபாடு இல்லை. குதிகால் பயிற்சி கடைசிக்குப் போனது. அதில் மட்டும் 15, 14, 12 என்று இருந்தது 12, 10, 10 ஆகக் குறைந்தது. இதை அவர் ஏற்றுக்கொண்டார். எல்லாப் பயிற்சியும் முதல் இடத்தில் இருக்க முடியாது. ஒன்றை முன்னால் வைத்தால் இன்னொன்று சற்றுக் குறையத்தான் செய்யும். 25 நிமிட நடையை நிறுத்தவில்லை. அதைப் பயிற்சி இல்லாத நாள்களுக்கு மாற்றிக்கொண்டார்.

உங்களுடைய முதன்மைப் பயிற்சி எது?

எல்லாருக்கும் கால்தான் முதலில் என்று சொல்லிவிட முடியாது. தேக்கா சந்தையிலிருந்து பையைத் தூக்கி வருவதும், மேல் அலமாரியில் பாத்திரத்தை வைப்பதும்தான் உங்களுக்குச் சிரமம் என்றால், ரப்பர் பட்டையை இழுப்பதையும் சுவரில் கைகளை வைத்துத் தள்ளுவதையும் முதலில் செய்யுங்கள். அப்போதும் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பந்தை அழுத்துவது, துணியை முறுக்குவது போன்ற கைப்பிடிப் பயிற்சிகளைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். விரல்கள் களைத்துவிட்டால் பட்டை கையிலிருந்து நழுவும். முதுகுத் தசைக்குப் போதிய வேலை கிடைக்காது. கெண்டைக்காலுக்குச் சொன்னதேதான் இதற்கும்.

அன்றாட வேலைகளில் எது கடினமாக இருக்கிறதோ, அதற்கு மிக நெருக்கமான அசைவே உங்களுடைய முதன்மைப் பயிற்சி. ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். "மூன்றும் முக்கியம்" என்று வைத்துக்கொண்டால், வரிசைக்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும்.

வட்டாரத்தில் குழுவாகப் பயிற்சி செய்பவர்கள் வரிசையைத் தாங்களாக மாற்ற முடியாது. முட்டிவலியோ, விழுந்த அனுபவமோ இருந்தால் பயிற்றுவிப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். பத்து நிமிடம் முன்னதாக வந்து, உடலைச் சற்று வெதுவெதுப்பாக்கிக்கொண்டு, உங்கள் முதன்மைப் பயிற்சியை இரண்டு சுற்றுகள் செய்துவிட்டுக் குழுவில் சேரலாம். அப்படிச் செய்யும் நாளில், குழுவோடு அதே பயிற்சி வரும்போது குறைத்துக்கொள்ளுங்கள். குழுவில் சமநிலைப் பயிற்சி கடைசியில் வந்தால், தயங்காமல் நாற்காலியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

களைப்பை எப்படி அறிவது?

சுற்றின் கடைசி இரண்டு முறைகளைக் கவனியுங்கள். எழும் வேகம் சற்றுக் குறைவது இயல்பு. பயிற்சி பலன் தருகிறது என்பதற்கான அடையாளம் அது. ஆனால் முழங்கால்கள் உள்பக்கமாக வளைந்தால், கை தானாகத் தொடைக்குப் போனால், அல்லது கட்டுப்பாடு இல்லாமல் நாற்காலியில் விழுந்தால், அந்தச் சுற்றை அங்கேயே நிறுத்துங்கள். முதல் சுற்றிலேயே இப்படி நேர்ந்தால், முன்னதாகச் செய்த ஏதோ ஒன்று கால்களைக் களைப்பாக்கியிருக்கிறது என்று கொள்ளலாம். அன்று காலை சந்தைக்கு நடந்து போய் வந்திருக்கலாம். வீட்டைக் கூட்டித் துடைத்திருக்கலாம். அவையும் வரிசையில் சேர்ந்தவைதான்.

எண்ணிக்கையை ஒரு சிறு நோட்டுப் புத்தகத்திலோ நாள்காட்டியின் ஓரத்திலோ எழுதி வையுங்கள். ஒரே வரிசையை ஆறு வாரமாவது மாற்றாதீர்கள். இந்த வாரம் முதலிலும் அடுத்த வாரம் கடைசியிலும் செய்தால், எண்ணிக்கை ஏறி இறங்குவது வலிமையினாலா, வரிசையினாலா என்று தெரியாது. நாம் பார்த்த பெண்மணிக்கு வரிசையை மாற்றிய அன்றே 20 என்பது 30 ஆனது. அது முன்னேற்றக் கணக்கில் சேராது. அதே வரிசையில் ஆறாவது வாரம் 13, 12, 11 என்று 36 முறை வந்தது. அந்த ஆறுதான் கால்களுக்குக் கிடைத்த புதிய வலிமை. 30 விநாடிச் சோதனையை மீண்டும் செய்தபோது 8 என்பது 11 ஆகியிருந்தது. இனி அவர் நாற்காலிப் பயிற்சியை இரண்டாம் இடத்துக்குக் கொண்டுபோய், படி ஏறும் பயிற்சியை முதலில் வைக்கலாம்.

கையை ஊன்றாமல் ஒரு முறைகூட எழ முடியாதவர்கள், இருக்கையின் மேல் உறுதியான மெத்தை ஒன்றை வைத்து உயரத்தைக் கூட்டிக்கொண்டு தொடங்கலாம். இடுப்பு அல்லது முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும், அண்மையில் விழுந்தவர்களும், எந்த அசைவை முதலில் வைப்பது என்று இயன்முறைச் சிகிச்சையாளரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. பயிற்சியின்போது நெஞ்சு வலியோ, தலைச்சுற்றலோ, வழக்கத்துக்கு மாறான மூச்சுத் திணறலோ ஏற்பட்டால் உடனே நிறுத்தி உட்காருங்கள். நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ சில நிமிடங்களில் நிற்காவிட்டால், 995 எண்ணுக்கு அழைத்து அவசர மருத்துவ வண்டியை வரவழையுங்கள்.