மூலதனச் செலவும் வருவாயினச் செலவும்

சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் கிளிமூக்கு மாம்பழத்தைக் கூழாக்கி டப்பாக்களில் அடைக்கும் தொழிற்சாலைகள் பல உள்ளன. கோடையில் பழம் வரத் தொடங்கியதும் சில மாதங்களே இவற்றின் வேலை முழு அளவில் நடைபெறும். ஆனால் பழத்தைக் கூழாக்கும் இயந்திரமோ பல பருவங்களுக்குப் பயன்படுவது. செலவுகளை இரு வகையாகப் பிரிப்பதன் காரணம் இவ்வேறுபாட்டில் அடங்கியுள்ளது.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். தொழிற்சாலை ஒன்று மே மாதத்தில் ரூ. 10,00,000 செலவில் கூழாக்கும் இயந்திரத்தை நிறுவுகிறது. லாரி வாடகை, அடித்தளம் அமைக்கும் கூலி ஆகியவையும் இத்தொகையில் அடங்கும். இவையின்றி இயந்திரம் இயங்காது. இயந்திரக் கணக்கைச் சேர்க்குமுன் ஆண்டுதோறும் இலாபம் ரூ. 15,00,000 எனக் கொள்வோம். முழு விலையையும் முதலாண்டிலேயே கழித்தால் இலாபம் ரூ. 5,00,000 ஆகச் சுருங்கும். அடுத்த ஆண்டில் செலவே இல்லாமல் இயந்திரம் உழைப்பதுபோல் இலாபம் ரூ. 15,00,000 ஆக உயரும். தொழிலில் மாற்றமில்லை, கணக்கு மட்டுமே மாறுபட்டது.

ஆதலால் விலை தேய்மானமாகப் பகிரப்படுகிறது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் விதிகள், பொதுவான இயந்திரங்களுக்குக் குறைந்துவரும் மதிப்பின்மீது 15 சதவீதம் என வகுத்தன. அதன்படி முதலாண்டுத் தேய்மானம் ரூ. 1,50,000, எஞ்சிய மதிப்பு ரூ. 8,50,000. இரண்டாம் ஆண்டுத் தேய்மானம் ரூ. 1,27,500.

இரண்டாம் ஆண்டில் சல்லடையும் பேரிங்குகளும் தேய்ந்து, அவற்றை மாற்ற ரூ. 60,000 செலவாகிறது. இச்செலவு இயந்திரத்தைப் பழைய நிலைக்குக் கொணர்ந்ததேயன்றிப் புதிய திறனைத் தரவில்லை. அதன் பயன் அவ்வாண்டின் உற்பத்தியிலேயே கரைகிறது. எனவே முழுத் தொகையும் அவ்வாண்டிலேயே கழிக்கப்படும்; இலாபம் ரூ. 13,12,500 ஆகும். மாறாக, அதே தொகையில் கூடுதல் பாகம் பொருத்தி இயந்திரத்தின் கொள்திறனைப் பெருக்கினால் அது மூலதனச் செலவு. பழைய இயந்திரம் ஒன்றை விலைக்கு வாங்கி, அதனை முதன்முதலாக இயங்கச் செய்ய ஆகும் பழுதுபார்ப்பும் விலையோடு சேர்வதே முறை.

எல்லைக்கோடு எப்போதும் தெளிவாக இராது. தமிழ்நாட்டின் சரவணா நூற்பாலை வழக்கில், பழைய ரிங் பிரேம் இயந்திரங்களுக்கு மாற்றாகப் புதியவற்றை நிறுவிய செலவு பழுதுபார்ப்பாகக் கோரப்பட்டது. ஆலை முழுவதையும் ஒரே இயந்திரமாகக் கருதினால், அதன் ஒரு பகுதியை மாற்றியது பழுதுபார்ப்பாகும் என்பது வாதம். 2007இல் உச்ச நீதிமன்றம் இதனை ஏற்கவில்லை. ஒவ்வொரு ரிங் பிரேமும் தனியே இயங்கித் தனக்குரிய பணியைச் செய்யும் இயந்திரம்; அதனை முழுமையாக மாற்றுவது புதிய சொத்தைப் பெறுவதே என அது தீர்ப்பளித்தது.

ஆகவே தொகையின் பெருமை சிறுமை இங்கு அளவுகோல் அன்று. மாற்றப்பட்டது இயந்திரத்தின் உறுப்பா, இயந்திரமேயா. பழைய திறன் காக்கப்பட்டதா, புதிய பயன் பெறப்பட்டதா என்பனவே கேட்கத்தக்க வினாக்கள்.