விருந்தினர் வருமுன் ஒரு குறிப்பு

திருவனந்தபுரத்துக்குத் தெற்கே, கோவளத்தை அடுத்து இருக்கிறது விழிஞ்ஞம். மீன்பிடித் துறைமுகம் உள்ள ஊர். பெரிய சரக்குக் கப்பல்கள் வரும் புதிய துறைமுகம் 2025 மே மாதம் இங்கே நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. கோவளம் பார்க்க வருகிறவர்கள் சிலர் இங்கும் தங்குகிறார்கள்.

எங்கள் மாலை வகுப்புக்கு ஓர் அக்கா வருகிறார். குளச்சலில் பிறந்தவர். விழிஞ்ஞத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். அவர் கணவர் கடல் தொழில் செய்கிறார். வீட்டின் மேல்மாடியில் இரண்டு அறைகள் கட்டி, ஹோம்ஸ்டே நடத்துகிறார்கள். ஹோம்ஸ்டே என்றால் ஓட்டல் அல்ல. வீட்டுக்காரர்கள் குடியிருக்கும் வீட்டிலேயே விருந்தினரும் தங்குவது.

ஒருநாள் அக்கா தன் போனைக் காட்டினார். தமிழ்நாட்டில் இருந்து வந்த ஒரு குடும்பத்துக்கு அவர் அனுப்பிய குறிப்பு அதில் இருந்தது.

"வருக வருக! எங்கள் இல்லம் உங்களை அன்புடன் வரவேற்கிறது. பள்ளிவாசல் பக்கம் வந்து யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்."

எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் குடும்பம் இரவு ஒன்பது மணிக்குத் துறைமுகத்தில் பெட்டிகளோடு நின்றது. யாரைக் கேட்பது? கேட்டவர் மலையாளத்தில் சொன்ன வழி அவர்களுக்குப் புரியவில்லை. போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. கடைசியில் வீட்டைக் கண்டுபிடித்தார்கள். அங்கே ஆட்டோ வராத சந்து, நாற்பது படிகள். மறுநாள் காலையிலேயே கணக்கு முடித்துப் போய்விட்டார்கள். இரண்டு நாள் வாடகையில் ஒரு நாள் வாடகை போயிற்று.

"என்ன தப்பு எழுதினேன்?" என்று அக்கா கேட்டார்.

எழுதியதில் தப்பு இல்லை. எழுதாமல் விட்டதில்தான் தப்பு. புறப்படுகிற ஆள் மனதில் என்னென்ன கேள்விகள் ஓடும் என்று அன்று வகுப்பில் எல்லோரும் யோசித்தோம். எங்கே இறங்குவது? வண்டி எதுவரை போகும்? பாட்டியால் ஏற முடியுமா? எவ்வளவு பணம் கையில் வேண்டும்? இந்தக் கேள்விகளுக்கு வீட்டுக்காரர் முன்பே பதில் சொன்னால் அதுதான் வரவேற்பு. "வருக வருக" ஒரு முறை போதும்.

அடுத்து திருநெல்வேலியில் இருந்து ஒரு குடும்பம் மே மாத விடுமுறைக்கு வருவதாக இருந்தது. இரண்டு இரவு. அவர்களுக்கு அக்கா எழுதிய புதிய குறிப்பைப் படியுங்கள்.

"அன்புள்ள ஐயா, வணக்கம். சனிக்கிழமை உங்களை எதிர்பார்க்கிறோம்.

நாகர்கோவிலில் திருவனந்தபுரம் பஸ் ஏறுங்கள். திருவனந்தபுரம் வரை போக வேண்டாம். பாலராமபுரம் வழியாகப் போகும் பஸ்தானா என்று கேட்டு ஏறி, பாலராமபுரத்தில் இறங்குங்கள். அங்கிருந்து விழிஞ்ஞம் சுமார் 10 கிலோமீட்டர். பஸ் பலகை மலையாளத்தில் இருக்கும். 'விழிஞ்ஞம் போகுமா?' என்று நடத்துனரிடம் கேளுங்கள். பாலராமபுரத்தில் இறங்கியதும் எனக்குப் போன் செய்யுங்கள். என் மகன் பஸ் நிறுத்தத்தில் நிற்பான். என் எண்ணும் அவன் எண்ணும் கீழே உள்ளன. இரண்டையும் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் சந்துக்குள் ஆட்டோ வராது. நாற்பது படி ஏற வேண்டும். வயதானவர்கள் வருவதானால் முன்பே சொல்லுங்கள்.

அறையில் ஏ.சி. இல்லை, மின்விசிறி உண்டு. விடியற்காலையில் படகுகள் வரும் சத்தமும் மீன் ஏலச் சத்தமும் கேட்கும்.

குடிக்கும் தண்ணீர் இளஞ்சிவப்பாக இருக்கும். பயப்பட வேண்டாம். பதிமுகப் பட்டை போட்டுக் காய்ச்சிய தண்ணீர். நிறம் இல்லாத தண்ணீர் வேண்டும் என்றாலும் தருவோம்.

வாடகை ஓர் இரவுக்கு 1,500 ரூபாய். இரண்டு இரவுக்கு 3,000. நீங்கள் அனுப்பிய முன்பணம் 1,000. மீதி 2,000 ரூபாய். சாப்பாட்டுக்குத் தனிக் கணக்கு. பெரியவர்கள் எல்லோரும் அடையாள அட்டை கொண்டு வாருங்கள்.

வந்ததும் பிள்ளைகளைக் கடலுக்கு விட வேண்டாம். எங்களைக் கேட்டுவிட்டு இறங்குங்கள்."

படிகளைப் பற்றி எழுத அக்காவுக்கு மனமே இல்லை. "இதையெல்லாம் சொன்னால் யார் வருவார்கள்?" என்றார். நியாயமான பயம்தான். ஆனால் படி நாற்பது என்பது எழுதாவிட்டாலும் நாற்பதுதானே. முன்பே தெரிந்தவர் காலைப் பார்த்து முடிவு செய்வார். பெட்டியோடு வந்து நின்று தெரிந்துகொள்பவர் கோபப்படுவார்.

குறிப்பு போன அன்றே திருநெல்வேலியில் இருந்து போன் வந்தது. "எங்க அம்மாவுக்கு மூட்டு வலி, என்னம்மா செய்யலாம்?" என்று கேட்டார் அந்த ஐயா. அக்கா யோசித்தார். வீட்டுக்குப் பின்னால் மேட்டுத் தெரு இருக்கிறது. சுற்றுவழி. ஆனால் ஆட்டோ வரும். அங்கிருந்து சரிவுப் பாதையில் இறங்கினால் நான்கே படிகள். பாட்டிக்கு மேல்மாடி வேண்டாம் என்று கீழே தன் அறையையே ஒழித்துக் கொடுத்தார். அந்தக் குடும்பம் இரண்டு இரவும் தங்கியது. சரிவுப் பாதை எப்போதும் அங்கேதான் இருந்தது. படியைப் பற்றி எழுதிய பிறகுதான் அது அக்காவின் நினைவுக்கே வந்தது!

கடலைப் பற்றிய வரிக்கும் காரணம் உண்டு. ஏப்ரல், மே மாதங்களில் கேரளக் கரையில் 'கள்ளக்கடல்' வருவதுண்டு. தெற்கே வெகுதூரத்தில் இந்தியப் பெருங்கடலில் அடிக்கும் புயல்காற்று பெரிய அலைகளை எழுப்பும். அந்த அலைகள் சில நாட்கள் பயணம் செய்து இங்கே கரை ஏறும். இங்கே காற்றும் இருக்காது, மழையும் இருக்காது. கள்ளனைப் போலச் சொல்லாமல் வருவதால் மீனவர்கள் வைத்த பெயர் இது. வானம் தெளிவாக இருப்பதைப் பார்த்து வெளியூர்க்காரர் தைரியமாக இறங்கிவிடுவார். ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையம் முன்னெச்சரிக்கை தருகிறது. அது மீனவர் வீட்டுக்குத் தெரியும், விருந்தினருக்குத் தெரியாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலக் கடலும் முரடானது. இதை வந்த பிறகு சொல்லலாம் என்று இருக்கக் கூடாது. பிள்ளைகள் பையை வைத்த உடனே கடலுக்குத்தான் ஓடுவார்கள்.

குறிப்பை எப்போது அனுப்புவது? ஒரு மாதம் முன்பே அனுப்பினால் மற்றச் செய்திகளுக்கு அடியில் போய்விடும். புறப்பட்ட பிறகு அனுப்பினால் பஸ்ஸில் சிக்னல் கிடைக்குமோ, கிடைக்காதோ. இரண்டு நாள் முன்பு அனுப்பினால் கேள்வி கேட்கவும் நேரம் இருக்கும். பதில் வராவிட்டால் ஒரு போன் செய்து, "குறிப்பு கிடைத்ததா?" என்று கேட்டுவிட வேண்டும்.

நீளம் போதும். இன்னும் எழுதினால் படிக்க மாட்டார்கள். குகைக்கோயில், கலங்கரை விளக்கம் எல்லாம் வந்த பிறகு தேநீர் குடித்துக்கொண்டே சொல்லலாம்.

பயிற்சி

1. அக்காவின் முதல் குறிப்பில் விடுபட்டவை என்ன? மூன்றை எழுதுங்கள்.

2. வாடகை ஓர் இரவுக்கு 1,200 ரூபாய். மூன்று இரவு. முன்பணம் 1,500 ரூபாய். மீதி எவ்வளவு?

3. உங்கள் வீட்டுக்கு முதல் முறை வரும் ஒருவருக்கு வழி எழுதுங்கள். எங்கே இறங்க வேண்டும், வண்டி எதுவரை வரும், எத்தனை படி என்று எழுதுங்கள். படிகளை எண்ணிப் பார்த்து எழுதுங்கள். பிறகு அதை உங்கள் தெருவைத் தெரியாத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவர் எந்த இடத்தில் கேள்வி கேட்கிறாரோ, அந்த இடத்தில் ஒரு வரி சேருங்கள்.