வரி வராது என்றால் ரிட்டர்னும் வேண்டாமா?

கேள்வி: கும்பகோணத்தில் வீட்டிலேயே பிளஸ் 1, பிளஸ் 2 பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். ஐந்து லட்சம் வரைக்கும் வரி கிடையாது, ரிட்டர்ன் போடவே வேண்டாம் என்று விவரம் தெரிந்த ஒருவர் சொன்னார். அதனால் ஒரு வருடம்கூடப் போட்டதில்லை. சென்ற வாரம் வருமான வரித் துறையிலிருந்து 148ஏ பிரிவில் நோட்டீஸ் வந்திருக்கிறது. 2022-23ல் என் சேமிப்புக் கணக்கில் 10,40,000 ரூபாய் ரொக்கமாகப் போடப்பட்டிருக்கிறதாம், ரிட்டர்ன் இல்லையாம், ஏன் விசாரிக்கக் கூடாது என்று கேட்கிறார்கள். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: வாசகிக்குச் சொல்லப்பட்டதில் முதல் பாதி சரி, இரண்டாவது பாதி தவறு. நோட்டீஸ் வந்து நிற்கும் பலரும் தடுக்கி விழுந்த இடம் இதுதான்.

சட்டத்தில் இரண்டு கோடுகள் உண்டு. ஒன்று, அடிப்படை விலக்கு வரம்பு. அவருடைய ஆண்டில், பழைய முறையில், 60 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அது 2,50,000 ரூபாய். வருமானம் அதைத் தாண்டினாலே ரிட்டர்ன் போடுவது கடமை. இன்னொன்று, 87ஏ பிரிவின் தள்ளுபடி. வருமானம் 5 லட்சத்துக்குள் இருந்தால், கணக்கிட்ட வரியை 12,500 ரூபாய் வரை தள்ளுபடி செய்யும் சலுகை அது. இரண்டு கோடுகளுக்கும் நடுவில் நிற்பவர் வரி கட்ட வேண்டாம். ஆனால் ரிட்டர்ன் போட்டே ஆக வேண்டும்.

வாசகியின் கணக்கு இப்படி வருகிறது. 28 பிள்ளைகள், மாதம் 1,500 ரூபாய், பத்து மாதம், ஆக 4,20,000. ஜெராக்ஸ், பலகை, மின்சாரம் என 40,000 செலவு. மீதி 3,80,000 அவர் வருமானம். வரம்புக்கு மேலே உள்ள 1,30,000க்கு ஐந்து சதவீதம் என்றால் வரி 6,500. அது முழுவதும் தள்ளுபடியில் போய்விடுகிறது. கட்ட வேண்டிய வரி பூஜ்யம்தான். போடாமல் விட்ட ரிட்டர்ன் மட்டும் பாக்கி.

அதே தெருவில் சுடுமண் நகை செய்து விற்கும் ஒரு பெண்ணுக்கு இதே அறிவுரை பொருந்தியிருக்கலாம். அவர் ஆண்டுக்கு 6 லட்சத்துக்கு விற்று, மண், வண்ணம், கூலி, கூரியர் போக ஒன்றரை லட்சம் மிச்சம் பார்த்தால், வரம்பு அந்த ஒன்றரை லட்சத்தோடுதான் ஒப்பிடப்படும், விற்பனையோடு அல்ல. டியூஷனில் செலவு குறைவு என்பதால் கையில் வாங்கியதில் பெரும்பகுதி வருமானமாகவே நிற்கிறது. ஒருவருக்குச் சரியாகச் சொன்னதை அடுத்தவர் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாதது இதனால்தான்.

சரி, துறைக்கு எப்படித் தெரிந்தது? ஒரு நிதியாண்டில் ஒருவரின் சேமிப்புக் கணக்குகளில் 10 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கம் விழுந்தால் வங்கி அதைத் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். வாசகியின் தொகை அந்தக் கோட்டை 40,000 ரூபாயில் தாண்டிவிட்டது.

முதல் வேலை, நோட்டீஸ் உண்மைதானா என்று பார்ப்பது. 2019 அக்டோபரிலிருந்து துறை அனுப்பும் கடிதங்களில் ஓர் ஆவண அடையாள எண் இருக்க வேண்டும். incometax.gov.in தளத்தில் 'Authenticate notice/order issued by ITD' என்ற இடத்தில் சரிபார்க்கலாம். மின்னஞ்சலில் உள்ள இணைப்பைத் தொடாமல், தளத்தின் முகவரியைத் தானே தட்டச்சு செய்து போவது நல்லது. இதுவரை கணக்கு இல்லாதவர் பேன் எண்ணை வைத்துப் பதிவு செய்துகொண்டால், 'e-Proceedings' பகுதியில் நோட்டீஸ் தெரியும். பதிலையும் அங்கேதான் ஏற்ற வேண்டும்.

அடுத்து ஆண்டு. நோட்டீஸில் மதிப்பீட்டு ஆண்டு 2023-24 என்று இருந்தால், பேச்சு 2022 ஏப்ரல் முதல் 2023 மார்ச் வரையிலான பணத்தைப் பற்றியது. இதில் குழம்பி, அடுத்த வருட பாஸ்புக்கைத் தேடி எடுத்துக்கொண்டு ஆடிட்டரிடம் ஓடுபவர்கள் நிறையப் பேர். கால வரம்பையும் இங்கேயே பார்க்கலாம். விடுபட்டதாகச் சொல்லும் வருமானம் 50 லட்சத்துக்குக் குறைவு என்றால், மதிப்பீட்டு ஆண்டு முடிந்து மூன்று ஆண்டுகளுக்குள் 148ஏ நோட்டீஸ் வந்திருக்க வேண்டும். வாசகிக்கு அது 2027 மார்ச் 31. அதற்குப் பிறகு வந்திருந்தால், அதையே முதல் ஆட்சேபமாக எழுதலாம்.

இனி பதிலின் உயிர்ப்பகுதி: 10,40,000 ரூபாய் எங்கிருந்து வந்தது? வாசகி பாஸ்புக்கைத் தேதிவாரியாகப் பிரித்தபோது மூன்று ஊற்றுகள் தெரிந்தன. டியூஷன் கட்டணத்தில் வங்கியில் போட்டது 3,60,000. மீதி 60,000 வீட்டுச் செலவில் கரைந்தது. தம்பியின் அறுவைச் சிகிச்சைக்கென்று ஜூலையில் அதே கணக்கிலிருந்து எடுத்து, காப்பீடு செலவை ஏற்றதால் செப்டம்பரில் திருப்பிப் போட்டது 5,00,000. கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்கு அம்மாவின் கணக்கில் விழுந்து, அம்மா எடுத்துக் கொடுத்தது 1,80,000.

இவற்றில் நடுவில் உள்ள ஐந்து லட்சம் வருமானமே அல்ல, சொந்தப் பணம் சுற்றி வந்தது. ஆனால் எடுத்த தேதிக்கும் போட்ட தேதிக்கும் இரண்டு மாத இடைவெளி இருப்பதால், அந்தப் பணம் வீட்டில் ஏன் இருந்தது என்று அதிகாரி கேட்பார். மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் தாளும் காப்பீட்டு ஒப்புதல் கடிதமும் அந்த இடைவெளியை நிரப்பும். நெல் பணத்துக்குக் கொள்முதல் ரசீதும், அம்மாவின் பாஸ்புக்கில் பணம் எடுத்த பக்கமும், அவர் கையொப்பமிட்ட ஒரு கடிதமும் போதும். டியூஷனுக்கு ரசீது இருந்திருக்காது; ஆனால் வருகைப் பதிவு நோட்டும், பெயருக்கு எதிரே 'ஏப்ரல் கொடுத்தாயிற்று' என்று குறித்த பக்கங்களும், பெற்றோர் சிலர் எழுதித் தரும் கடிதங்களும் ஆதாரம்தான். புதிதாக ஒரு நோட்டு வாங்கிப் பழைய தேதி போட்டு எழுதுவது மட்டும் கூடவே கூடாது. ஒரே மையில் ஒரே மூச்சில் எழுதியது பார்த்தவுடன் தெரிந்துவிடும். அதன் பிறகு உண்மையான தாளையும் நம்ப மாட்டார்கள்.

பதில் போடாமல் இருந்தால் என்ன ஆகும்? கையில் உள்ள தகவலை வைத்தே அதிகாரி வரி விதிப்பார். விளக்கமில்லாத பணத்துக்கு அந்த ஆண்டின் வரி 60 சதவீதம், அதன் மேல் சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்த்து 78 சதவீதம். 10,40,000க்கு அது 8,11,200 ரூபாய். ஒரு ரூபாய்கூட வரி வராத ஒருவருக்கு இந்தத் தொகை வருவது, பதில் எழுதாததால் மட்டுமே.

பதிலில் ஒன்றை ஒளிக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும்: வருமானம் 2,50,000ஐத் தாண்டியது, ரிட்டர்ன் போடாதது தவறு, தள்ளுபடிக்குப் பின் வரி இல்லை. அதன் பிறகும் அதிகாரி விசாரணை தேவை என்று உத்தரவிட்டால் 148 பிரிவில் தனி நோட்டீஸ் வரும். அதில் தரும் கெடுவுக்குள் அந்த ஆண்டுக்கான ரிட்டர்னை 3,80,000 என்று காட்டிப் போட வேண்டும். முதல் நோட்டீஸுக்கே பதில் கொடுத்தாயிற்றே என்று இதை விட்டுவிடுபவர்கள் உண்டு. இரண்டும் வேறு வேறு.

இன்று அந்த இரண்டு கோடுகளுக்கும் இடையே தூரம் இன்னும் கூடிவிட்டது. 2025-26 முதல் புதிய முறையில் விலக்கு வரம்பு 4 லட்சம், தள்ளுபடி 12 லட்சம் வரை. 12 லட்சம் வரை வரி இல்லை என்ற செய்தியை மட்டும் கேட்டுவிட்டு, 5 லட்சமோ 9 லட்சமோ சம்பாதிப்பவர்கள் ரிட்டர்ன் போடாமல் இருந்தால், வாசகிக்கு வந்த கடிதம் அவர்களுக்கும் வரக்கூடும்.

வாசகி இப்போது செய்ய வேண்டியது, நோட்டீஸில் உள்ள கடைசித் தேதியைப் பார்ப்பது. மருத்துவமனைத் தாள் கைக்கு வர நாளாகும் என்றால், அந்தத் தேதிக்கு முன்பே தளத்தில் கூடுதல் அவகாசம் கேட்டு எழுதிவிடட்டும்.