அச்சுக்கு முன் ஒரு பார்வை

கேள்வி: தெலுங்கில் படித்தவன் நான். தமிழில் எழுதிய சிறு குறிப்பை வெளியிடுமுன் எப்படிச் சரிபார்ப்பது?
– வாசகர், ராமகுப்பம்

பதில்: நீங்கள் அனுப்பிய வரியையே பார்ப்போம்: 'நேற்று பெய்த மலையால் தக்காளி செடிகள் சாய்ந்ததால் விவசாயிகள் நஷ்டமடைந்ததால் விலை உயரும்.'

'மழை' இங்கே 'மலை' ஆகிவிட்டது. 'மலை'யும் சரியான சொல்தான் என்பதால் கணினியின் பிழைதிருத்தி அதை விட்டுவிடும். தெலுங்கில் ழகரம் இல்லை. ஆகவே ல, ள, ழ வரும் இடங்களை மட்டும் தனியாக ஒருமுறை பாருங்கள். 'நேற்றுப் பெய்த', 'தக்காளிச் செடிகள்' என்று ஒற்றும் வேண்டும்.

அடுத்து, வாய்விட்டு வாசியுங்கள். மூன்று 'ஆல்' காதில் இடிக்கும். தமிழில் கூறியதுகூறல் பெரும்பாலும் விகுதியில்தான் ஒளிந்திருக்கும். சொல்லைத் தேடினால் அகப்படாது. கடைசி இரண்டு 'ஆல்'களில்தான் வாக்கியத்தை வெட்டவும் வேண்டும்:

'நேற்றுப் பெய்த மழையில் தக்காளிச் செடிகள் சாய்ந்தன. விவசாயிகளுக்கு நஷ்டம். இனி விலை உயரும்.'

'இனி' நான் சேர்த்தது, பிடிக்காவிட்டால் எடுத்துவிடுங்கள்.