முஸ்தபாவும் முஸ்தகீமும்: அரபு எட்டாம் வினைவடிவத் தகரத்தின் திரிபும் தமிழ்ப் புணர்ச்சியும்

முன்னுரை

ராயபுரம் முதல் எண்ணூர், மணலி புதுநகர் வரையிலான வடசென்னையிலும் தமிழகத்தின் பிற பகுதிகளிலும் முஸ்லிம்களிடையே முஸ்தபா என்னும் பெயர் பெருவழக்காக உள்ளது. முஸ்தகீம் என்பதும் அறிந்த பெயரே. தமிழெழுத்தில் இவ்விரண்டும் ‘முஸ்த’ என்றே தொடங்குவதால், ஒரே முன்னொட்டுப் பெற்ற இரு சொற்கள் போலத் தோன்றுகின்றன. அரபு மூலத்திலோ இவற்றின் ஸகரங்கள் வேறு, தகரங்களும் வேறு. முன்னதன் தகரம் எட்டாம் வினைவடிவத்தின் இடையொட்டாக வந்து, அண்டையெழுத்தால் திரிந்தது. பின்னது பத்தாம் வடிவத்திற்குரியது. அதன் தகரம் திரியாதது. முன்னதன் தகரம் ஏன் திரிந்தது என்பதையும், தமிழ்ப் புணர்ச்சியிலக்கணம் பயின்றோர்க்கு அத்திரிபு எவ்வகையில் அறிமுகமானது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

ஒலிக்குறியீடு குறித்து ஒரு விளக்கம் தேவை. அரபியில் த், ஸ் ஆகிய ஒலிகளுக்குக் கனத்த இணைகள் உண்டு. அவை இங்குச் சுழிக்குறியிட்டு (த்°, ஸ்°) எழுதப்படுகின்றன. ஒலிப்புடைத் தகரம் த்³ எனவும், ‘ஜைது’ என்னும் பெயரின் முதலொலி ஃஜ் எனவும் குறிக்கப்படுகின்றன. பெயர்களும் வழக்குச் சொற்களும் தமிழில் வழங்கும் வடிவிலேயே தரப்படுகின்றன.

வடிவமும் திரிபும்

எட்டாம் வடிவம் என்னும் எண்ணீடு ஐரோப்பிய இலக்கணிகளுடையது. அரபு இலக்கணிகள் அதனை ‘இஃப்தஅல’ என்னும் வாய்பாட்டால் சுட்டுவர். மூன்று வேரெழுத்துகளில் முதலாவதை உயிர் நீக்கி மெய்யாக நிறுத்தி, அதனை அடுத்துத் தகரத்தைச் செருகுவதே இதன் அமைப்பு. ஜ-ம-அ என்னும் வேர் இஜ்தமஅ (ஒன்றுகூடினான்) என்றாகும். இங்குத் தகரம் இயல்பாக நிற்கிறது. வேரெழுத்துக்கும் தகரத்துக்கும் இடையே உயிர் இல்லை என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. பின்வரும் திரிபுகளுக்கெல்லாம் அதுவே வாயில்.

முதல் வேரெழுத்துக் கனத்த ஸகரமாயின் தகரம் த்° ஆகும். ஸ°-ப-ர என்னும் வேரிலிருந்து இஸ்°தபர என்று வரவேண்டியது இஸ்°த°பர (பொறுத்திருந்தான்) என வருகிறது. முதல் வேரெழுத்து ஒலிப்புடைய ஃஜகரமாயின் தகரம் த்³ ஆகும். ஃஜ-ஹ-ர என்பது இஃஜ்த³ஹர (செழித்தான்) என்றாகும். முதலெழுத்தே த்³ ஆயின் இரண்டும் இணைந்து இரட்டிக்கும்.

காரணம்

8ஆம் நூற்றாண்டினரான சீபவைஹி தம் ‘அல்-கிதாப்’ நூலில் ஒலிகளைப் பிறப்பிடத்தாலும் பண்பாலும் வகுத்துள்ளார். அவர் பகுப்பில் த், த்³, த்° மூன்றும் ஒரே பிறப்பிடத்தன. த்³ ஒலிப்பால் மட்டும் தகரத்தினின்று வேறுபடும். த்° என்பதில் நாவின் பின்பகுதியும் மேலண்ணத்தை நோக்கி எழுந்து மூடுகிறது. இம்மூடுதலுக்கு அரபு இலக்கணிகள் இட்ட பெயர் இத்பாக். இப்பண்புடைய எழுத்துகள் நான்கு: ஸாத், ளாத், தோ, லோ. தமிழ் முஸ்லிம்கள் ரமளான், லுஹர் என எழுதும்போது வரும் ளகர லகரங்கள் இவற்றுள் இரண்டிற்கு நேரானவை. இத்பாக் நீங்கினால் ஸாத் வெறும் ஸகரமாகிவிடும் என்றும், ளாதுக்கு மட்டும் அவ்வாறு இணை இல்லாமையால் அது மொழியினின்றே மறைந்துவிடும் என்றும் சீபவைஹி குறிப்பிடுவது கருதத்தக்கது. ஒலியைப் பண்புகளின் தொகுதியாகக் கண்ட நுண்மை அது.

இவ்வமைப்பினுள் வைத்து நோக்கினால் திரிபின் காரணம் தெளிவாகும். ஸ்° ஒலிக்கும்போது பின்னா எழுந்து நிற்கிறது. இடையில் உயிர் இல்லாததால் அடுத்த நொடியே அதனைத் தாழ்த்தித் தகரத்தை ஒலிக்கவேண்டியுள்ளது. அத்தாழ்வு நிகழாமல், எழுந்த நிலையிலேயே நாநுனி பல்லடியைத் தொட்டால் பிறப்பது த்°. எனவே தகரம் தன் பிறப்பிடத்தையும் வன்மையையும் விடாமல், முன்னெழுத்தின் ஒரு பண்பை மட்டும் ஏற்கிறது. ஃஜகரத்தின் பின் ஏற்கப்படும் பண்பு ஒலிப்பு. அதனால் த்³ பிறக்கிறது.

இதற்கு வலுவான சான்று திரிபு நிகழாத இடங்களில் உள்ளது. காஃப், கா, கைன் ஆகிய எழுத்துகளிலும் நாவின் பின்பகுதி எழும். ஆயினும் அது அவற்றின் பிறப்பிடத் தொழில். முன்னாவின் ஒலியோடு கூடிவரும் மூடுதல் அன்று. ஆதலால் இக்தரப (நெருங்கினான்) போன்றவற்றில் தகரம் மாறுவதில்லை. ஒலிப்புக்கும் இத்தகைய வரம்பு உண்டு. ஜகரம் ஒலிப்புடையதேயாயினும் இஜ்தமஅ திரியவில்லை. இஜ்த³மஅ என்பது போன்ற வடிவங்கள் சிலர் பேச்சில் இருந்ததாக இலக்கணிகள் பதிவுசெய்துள்ளனர். பொதுவழக்கு அவற்றை ஏற்கவில்லை. பிறப்பிடம் அண்மையதாயிருத்தலும் திரிபுக்கு வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

உயிர் இடையிட்டால் திரிபு இல்லை என்பதை முர்தளா என்னும் பெயர் காட்டும். இதுவும் எட்டாம் வடிவமே, வேர் ர-ள-வ. கனத்த ளகரம் தகரத்தின் பின்னேயே நிற்கிறது. எனினும் இடையில் அகரம் உள்ளது; தகரத்தைத் தொட்டு நிற்பது ரகரம். ஆகவே தகரம் தகரமாகவே உள்ளது.

வேரெழுத்தின் உரிமை

ஒலிமுயற்சிச் சுருக்கம் மட்டுமே காரணமாயின், தகரத்துக்காக ஸ்° மெலிந்து ஸ் ஆகியிருக்கவும் கூடும். அவ்வாறு நிகழாமைக்குச் சொல்லமைப்பே காரணம். ஸ°-ப-ர என்பதன் முதலெழுத்து மெலிந்தால் வேறொரு வேரான ஸ-ப-ர என்பதோடு மயங்கும். தகரமோ வடிவத்தின் உறுப்பு. எவ்வாறு திரிந்தாலும் அதன் இடம் அதனைக் காட்டிக்கொடுத்துவிடும். வேரெழுத்தை ‘அஸ்ல்’ (மூலம்) என்றும் தகரத்தை ‘ஸாயித்’ (மிகை) என்றும் அரபு இலக்கணிகள் பிரித்ததன் பயன் இதுவே.

இவ்வுரிமையும் முழுமையானதன்று. முதல் வேரெழுத்து வகரமாயின் நிலைமை தலைகீழாகிறது. வ-ஹ-த³ என்னும் வேர் இத்திஹாத் (ஒற்றுமை) என வரும்போது, வேரெழுத்தே தகரமாகி மறைகிறது. இகரத்தின் பின் நிற்கும் வகரம் ஈகாரமாகும். உகரத்தின் பின் ஊகாரமாகும். இவ்வாறு ஒவ்வொரு வடிவிலும் முகம் மாறும் எழுத்தைவிட, உறுதியான தகரத்தையே இரட்டித்து நிறுத்துவது மேல் என்பது இலக்கணிகள் தரும் விளக்கம். மெல்லெழுத்து வேராயினும் தோற்கிறது.

தகரம் எத்தகையது என்பதும் முடிவைப் பாதிக்கிறது. குர்ஆன் 27:22இல் வரும் ‘அஹத்°து’ (சூழ்ந்தறிந்தேன்) என்னும் சொல்லில் தோ எழுத்தின் பின் தகரம் உயிரிடையின்றி நிற்கிறது. தொடர்பு முன்னதைப் போன்றதே; விளைவு வேறு. ஓதுநெறியில் இங்குத் தோ எழுத்தே தகரத்துள் புகும், மூடுதற் பண்பை மட்டும் எஞ்சவிட்டு. ஏனெனில் இத்தகரம் ‘நான்’ என்னும் எழுவாயைக் குறிக்கும் ஈறு. ஏறத்தாழ ஒரு தனிச்சொல். இஃப்தஅல வடிவத்தின் தகரமோ சொல்லின் உடம்பினுள் இருப்பது. இவ்வீற்றுத் தகரத்தையும் த்° ஆக்கி மொழிந்தோர் உண்டு என்றும், அவர்கள் அதனை இஃப்தஅல தகரத்தோடு ஒப்பவைத்தனர் என்றும் சீபவைஹி கூறுகிறார். அக்கூற்று, பொதுவழக்கில் இவ்விரண்டு தகரங்களுக்கும் இடையே வேற்றுமை உணரப்பட்டதற்குச் சான்று.

இத்திரிபு அரபிக்கு மட்டும் உரியதன்று. எபிரேய ஹித்பஎல் வடிவத்தில் தகரம் வேருக்கு முன்னே நிற்பது இயல்பு. வேர் ஸகர இன ஒலியில் தொடங்கின் இரண்டும் இடம்மாறும். ஸ்° ஆயின் தகரம் த்° ஆகும். தொடக்கநூல் 44:16இல் வரும் ‘நிஸ்°த°த்³தா³க்’ என்னும் வினை அத்தகையது.

தமிழோடு ஒப்பீடு

உண்டான், தின்றான், கேட்டான் ஆகிய வினைமுற்றுகளை இங்கு எண்ணிப்பார்த்தல் தகும். மூன்றிலும் பகுதியின் ஈற்றுமெய் அடுத்துவரும் இறந்தகாலத் தகரத்தைத் தன்வழிப்படுத்துகிறது. ணகர ளகரத்தின் பின் டகரமும் னகர லகரத்தின் பின் றகரமும் தோன்றுதல், முள் + தீது = முட்டீது, பொன் + தீது = பொன்றீது என்னும் புணர்ச்சிகளில் காண்பதே. எனினும் நன்னூலார் இறந்தகால இடைநிலைகளைக் கூறுமிடத்துத் த், ட், ற் என்பவற்றைத் தனித்தனியே எண்ணுகிறார். புணரியலில் திரிபு எனக் கொள்ளப்பட்டது பதவியலில் தனியுருபாகிறது. அரபு இலக்கணிகள் இவ்விடத்தில் வேறு வழி கொண்டனர். அவர்களுக்கு இடையொட்டு ஒன்றே. த்°, த்³ இரண்டும் அதன் ‘இப்தால்’ (மாற்றெழுத்து). அம்முறையைத் தமிழுக்குப் பொருத்தினால் உண்டான் என்பதை உண் + த் + ஆன் எனப் பகுப்பதில் தடையில்லை. நன்னூல் முறைக்கும் ஒரு நியாயம் உண்டு. கற்போன் சொல்லில் கண்ட எழுத்தையே இடைநிலையாகக் காட்ட அது துணைசெய்கிறது. ஆனால் டகர றகரங்கள் வரும் இடங்களின் ஒழுங்கை அது கற்போனுக்கு உணர்த்துவதில்லை.

ஒப்புமையை மிகைப்படுத்தலாகாது. தமிழில் தகரம் பிறப்பிடத்தையே மாற்றிக்கொள்கிறது. அரபியில் பிறப்பிடம் மாறாது. கேட்டான் என்பதில் பகுதியின் ளகரமும் டகரமாகிறது. அரபியில் ஸ்° அசைவதில்லை.

தமிழெழுத்தில் மறைந்த திரிபு

தமிழுக்கு வருகையில் த், த்°, த்³ மூன்றும் ஒரே தகரமாகின்றன. தலாக், சுல்தான் என்பவற்றில் உள்ளது த்°. தீன் என்பதில் உள்ளது த்³. ஆகவே முஸ்தபா என எழுதும்போது, அரபு மாற்றிய தகரத்தைத் தமிழெழுத்து அறியாமலேயே பழைய உருவுக்கு மீட்டுவிடுகிறது. சொற்பிறப்பு ஆய்வாளர்க்கு இது உதவியும் இடரும் ஆகும்.

முஸ்தபாவை அரபு எழுத்தில் காண்போர் முதனிலை ‘மு’வை நீக்கி ஸ்°, த்°, ஃப் என்னும் மூன்றையும் வேராகக் கொள்ள நேரலாம். அவ்வேரில் அகராதி எதுவும் தராது. ஸாதின் பின் த்° நின்றால் அது இடையொட்டா என ஐயுறுதலே முறை. அதனை நீக்கினால் எஞ்சுவது ஸ்°, ஃப், ஈற்று ஆகாரம். அவ்வாகாரம் வகரத்தின் திரிபு. ஸ°-ஃப-வ என்னும் வேர் தெளிவு, தூய்மை என்னும் பொருளது, முஸ்தபா தேர்ந்தெடுக்கப்பட்டவர். முஸ்தகீமில் ஸகரமும் தகரமும் இரண்டுமே பத்தாம் வடிவத்தின் ஒட்டுகள். மெல்லிய ஸகரமாதலின் தகரம் திரியவில்லை. வேர் க-வ-ம, நிற்றல்; முஸ்தகீம் நேரானது.

முத்தகீ (இறையச்சமுடையோர்) என்பதும், குர்ஆனின் 54ஆம் அத்தியாயத்தில் ஆறுமுறை வரும் முத்தகிர் (நினைவுகூர்வோர்) என்பதும் இத்தகைய மற்றோர் இணை. முன்னதில் இரட்டித்தது த். வகரம் கெட்டு வந்தது. பின்னதில் இரட்டித்தது த்³; ‘ஃதிக்ர்’ என்பதன் முதலெழுத்து தகரத்தை ஒலிப்புடையதாக்கிப் பின் தானும் அதனுள் அடங்கியது. தமிழில் ‘த்த’ எனக் கண்ட அளவில் இவற்றைப் பிரிக்க இயலாது. அரபு எழுத்தை நோக்கியே வேரைத் துணிதல் வேண்டும். இஃப்தாரில் எச்சரிக்கை வேறு வகையில் வேண்டும். ஓசையால் இஃப்தஅல வாய்பாட்டை ஒத்திருப்பினும் அது நான்காம் வடிவம். அதன் த்° ஃப-த°-ர என்னும் வேருக்கே உரியது. ஃபகரத்தின் பின் இடையொட்டு த்° ஆவதில்லை என்னும் விதியே அதனை உணர்த்தும்.