வட்டத்தில் 53 டிகிரி, தகட்டில் எவ்வளவு?

கேள்வி: மெல்லிய எஃகுத் தகடு ஒன்றின் மேற்பரப்பில் உள்ள ஒரு புள்ளியில் கிடைத்திசையில் 90, செங்குத்துத் திசையில் 30 மெகாபாஸ்கல் இழுவைத் தகைவு, ஷியர் தகைவு 40. வலப்பக்க முகத்தில் ஷியர் மேல்நோக்கி இருக்கிறது. மோர் வட்டம் வரைந்தேன். முதன்மைத் தகைவுகள் 110, 10 என்றும் கோணம் 53 டிகிரி என்றும் வந்தன. ஆனால் 53 டிகிரியை வாய்பாட்டில் போட்டால் 110 வராமல் 90 வருகிறது. பெரும ஷியர் எனக்கு 50, புத்தகத்தில் 55. எங்கே தவறினேன்?
– பொறியியல் மாணவி

பதில்: நீங்கள் வரைந்த வட்டம் சரியானதுதான். மையம் 90க்கும் 30க்கும் நடுவே 60. ஆரம், 30ஐயும் 40ஐயும் பக்கங்களாகக் கொண்ட செங்கோண முக்கோணத்தின் கர்ணம், அதாவது 50. ஆகவே 110, 10 இரண்டும் சரி. படித்த விதத்தில்தான் பிசகு.

கட்டத்தை இடஞ்சுழியாகத் திருப்ப முயலும் ஷியரை அச்சுக்குக் கீழே குறிப்பது வழக்கம். அப்படிக் குறித்தால் வலப்பக்க முகத்தின் புள்ளி (90, −40). அங்கிருந்து வட்டத்தில் இடஞ்சுழியாக 53.13 டிகிரி நகர்ந்தால் 110ஐத் தொடுவீர்கள். தகட்டில் முகம் திரும்புவது அதில் பாதி, 26.57 டிகிரி, அதே சுழற்சியில். காரணம் வாய்பாட்டிலேயே இருக்கிறது:

σ = 60 + 30 cos 2θ + 40 sin 2θ

இதில் வருவது θ அல்ல, 2θ. முகத்தை 180 டிகிரி திருப்பினால் அதே வெட்டுத்தளம்தான் மறுபடி கிடைக்கும். அதற்குள் வட்டம் ஒரு முழுச்சுற்று முடித்துவிடும். நீங்கள் தகட்டை 53 டிகிரி சாய்த்தபோது வட்டத்தில் 106 டிகிரி ஓடி, 110ஐத் தாண்டி மறுபுறம் (90, +40)இல் போய் நின்றீர்கள். அங்கே ஷியரைக் கணக்கிட்டிருந்தால் அப்போதே பிடிபட்டிருக்கும்: முதன்மைத் தளத்தில் ஷியர் பூஜ்யமாக இருந்தே ஆகவேண்டும். விடை எழுதியதும் ஷியரைச் சோதிக்கும் பழக்கத்தை விடாதீர்கள்.

இரண்டாவது பிழைதான் எனக்குக் கவலை தருகிறது. 50 என்பது தகட்டின் தளத்துக்குள் மட்டும் தேடியபோது கிடைத்த பெருமம். தகட்டின் வெளிப்பரப்புக்குச் செங்குத்தாக மூன்றாவது முதன்மைத் தகைவு ஒன்று உண்டு. அங்கே எதுவும் அழுத்தாததால் அது 0. பெரும ஷியர், மிகப் பெரிய முதன்மைத் தகைவுக்கும் மிகச் சிறியதற்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி. மூன்றும் 110, 10, 0 என்றால் சிறியது 10 அல்ல, 0. ஆகவே 55. 0 முதல் 110 வரை இன்னொரு வட்டம் வரைந்து பாருங்கள். உங்கள் வட்டம் அதற்குள் அடங்கிவிடும். அந்த ஷியர் செயல்படும் தளம் தகட்டின் தடிமனூடே 45 டிகிரியில் சாய்ந்திருக்கும். முன்பக்கமிருந்து வரைந்த படத்தில் அது தெரியாது.

தளத்துக்குள் இருக்கும் இரண்டு முதன்மைத் தகைவுகளும் ஒரே குறியுடன் இருந்தால் இந்தப் பொறி காத்திருக்கும். ஒன்று இழுவை, மற்றது அழுத்தம் என்றால் 0 நடுவில் விழும். அப்போது நீங்கள் வரைந்த ஒரே வட்டம் போதும். எஃகின் நெகிழ்வுத் தகைவு 240 என்று வைத்து, பெரும ஷியர் கோட்பாட்டின்படி 120ஐ எல்லையாகக் கொண்டால், உங்கள் கணக்கில் பாதுகாப்புக் காரணி 2.4, உண்மையில் இருப்பது 2.18.